தூக்கும் கம்பி, அழுத்தும் எடை

பாரம் ஏறுவதற்கு முன்பே ஒரு கான்கிரீட் உத்தரம் மேல்நோக்கி வளைவது ஏன்? அந்தச் சில மில்லிமீட்டர்களில் என்னென்ன தெரியும்?

மேம்பாலத்துக்கோ பெரிய கட்டடத்துக்கோ கான்கிரீட் உத்தரங்களை முன்கூட்டியே வார்த்து அடுக்கும் யார்டு ஒன்றின் வேலி ஓரம் நின்று பாருங்கள். உத்தரத்தின் ஒரு முனைக்கு நேராகக் கண்ணை வைத்து அதன் மேல்விளிம்பை மறுமுனை வரை ஓட்டினால், கோடு நேராகப் போகாது. நடுவில் மெல்ல ஏறி, மறுபடி இறங்கும். பார்க்கிறவருக்கு அச்சு கோணலாக இருந்ததோ என்று தோன்றும். அச்சு மட்டம் பார்த்து வைக்கப்பட்டதுதான். உள்ளே இருக்கும் இழுத்த கம்பிகள்தான் உத்தரத்தை அப்படி வளைத்திருக்கின்றன. சைட்டில் இந்த மேல்வளைவைக் ‘கேம்பர்’ என்பார்கள்.

கேம்பர் பிறக்கும் நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியும். நீண்ட பெட்டின் இரு கோடியிலும் கனமான இரும்புத் தூண்கள் இருக்கும். அவற்றுக்கிடையே உயர்வலுக் கம்பி முறுக்குகளை, அதாவது ஸ்ட்ராண்டுகளை, ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டுவார்கள். அந்தக் கம்பிகளைச் சுற்றி ஷட்டர் கட்டிக் கான்கிரீட் போடுவார்கள். கான்கிரீட் போதிய வலு அடைந்ததும் பூட்டைத் தளர்த்துவார்கள். அதுவரை தூண்கள் தாங்கிய இழுவிசை முழுவதும் அந்தக் கணத்தில் கான்கிரீட்டின் மேல் வந்து விழும். பொறியாளர்கள் இதை ‘டிரான்ஸ்ஃபர்’ என்பார்கள். அதுவரை பெட்டின் தகட்டில் முழு நீளமும் படிந்து கிடந்த உத்தரம் அப்போது நடுவில் கிளம்பும். சற்று முன்வரை காகிதம்கூட நுழையாத இடத்தில், நடுப்பகுதிக்கு அடியில் இரும்பு ஸ்கேலைச் செருக முடியும்.

நடு எழுந்ததும் உத்தரம் தன் இரு முனைகளில் மட்டுமே நிற்கிறது. பெட்டில் படிந்து கிடந்தவரை அதன் எடையைத் தகடு தாங்கியது. இப்போது 12 மீட்டர் நீளத்தின் எடையும் அந்த உத்தரத்தையே கீழ்நோக்கி வளைக்கிறது. கம்பி மேலே தூக்குகிறது, எடை கீழே அழுத்துகிறது. ஸ்கேலில் நாம் படிக்கும் எண் இவ்விரண்டின் கழிவு. இந்தக் கட்டுரை அந்தக் கழித்தல் கணக்கைப் பற்றியது.

கம்பி ஏன் தூக்குகிறது?

வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நாணை இறுக்கினால் வில்லின் தண்டு நாண் இருக்கும் பக்கத்துக்கு எதிராகப் புடைக்கிறது. உத்தரத்தில் நாண் உடலுக்குள்ளேயே, நடுமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அது சுருங்க முயலும்போது உத்தரத்தின் அடிப்பாகம் அதிகமாகவும் மேல்பாகம் குறைவாகவும் சுருங்கும். அடி குட்டையாகி மேல் நீளமாக நின்றால் உருவம் மேல்நோக்கி வளைந்தே தீரும். கம்பியை நடுமட்டத்திலேயே வைத்திருந்தால் உத்தரம் சற்றுக் குட்டையாகும், வளையாது. ஆகவே எவ்வளவு இழுத்தோம் என்பதோடு, நடுமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே வைத்தோம் என்பதும் சேர்ந்துதான் வளைவைத் தீர்மானிக்கிறது.

கம்பியை அடியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையில் சீக்கிரம் வெடிக்கும். பாரம் ஏறும்போது உத்தரத்தின் அடிப்பாகம்தான் இழுபடும். அந்த இழுவை வருமுன்னே அடிப்பாகத்தை நன்றாக அழுத்தி வைத்துவிட்டால், வரும் பாரம் அந்த அழுத்தத்தைக் குறைப்பதோடு நின்றுவிடும். ஆக, கேம்பரை யாரும் குறிவைத்து உண்டாக்குவதில்லை. பின்னால் வரப்போகும் பாரத்துக்காக இன்றே செய்துவைத்த ஏற்பாட்டின் உடன்விளைவு அது.

ஒரு உத்தரத்தின் கணக்கு

எண்கள் எளிதாக இருக்கும்படி ஒரு உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், அகலம் 30 சென்டிமீட்டர், உயரம் 60 சென்டிமீட்டர், நேர்த்தியான செவ்வகம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் கம்பியோடு சேர்ந்து இரண்டரை டன் என்று கொண்டால், இந்த உத்தரம் மீட்டருக்கு 450 கிலோ, மொத்தம் 5.4 டன்.

உள்ளே 12.7 மில்லிமீட்டர் ஸ்ட்ராண்டுகள் ஏழு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 டன்னில் அறுபடும். அதில் முக்கால் பங்கு வரை ஜாக்கியால் இழுப்பது வழக்கம். கான்கிரீட் சுருங்கும்போது கம்பியும் சற்றுத் தளர்வதால், டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் ஒன்றில் 13 டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். ஏழுக்கும் சேர்த்து 90 டன் என்று வைப்போம். ஏழின் பொதுமையம் உத்தரத்தின் நடுமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது.

மேல்நோக்கி வளைக்கும் திருப்புவிசை 90 டன் × 0.15 மீட்டர், அதாவது 13.5 டன்-மீட்டர். கம்பி நேராகப் போவதால் இது உத்தரத்தின் நீளம் முழுவதும் ஒரே அளவு. எடையின் திருப்புவிசை முனைகளில் பூஜ்யம். நடுவில்தான் உச்சம்: 5.4 டன் × 12 ÷ 8, அதாவது 8.1 டன்-மீட்டர்.

இதை மில்லிமீட்டராக்க, கான்கிரீட் எவ்வளவு விறைப்பானது என்று தெரிய வேண்டும். கம்பியை விடுவிக்கும் நாளில் அதன் வலு 36 மெகாபாஸ்கல் என்போம். இந்திய விதிநூலின் சூத்திரப்படி, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 5,000-ஆல் பெருக்கினால் விறைப்பு எண் 30,000 மெகாபாஸ்கல். பொறியியல் மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் இரண்டு சூத்திரங்கள் மீதி வேலையைச் செய்துவிடும்.

```
மேலே : P e L² / (8 E I)      = 15.0 mm
கீழே : 5 w L⁴ / (384 E I)    =  7.5 mm
கேம்பர்                      =  7.5 mm
```

P கம்பியின் விசை, e நடுமட்டத்திலிருந்து அதன் தூரம், w மீட்டருக்கான எடை, L நீளம். E விறைப்பு எண், I குறுக்குவெட்டின் வடிவத்தால் வரும் எண். கம்பி தனியாக இருந்தால் நடுவை 15 மில்லிமீட்டர் தூக்கியிருக்கும். எடை அதில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டது. மீதி ஏழரை மில்லிமீட்டர்.

பூஜ்யமாக்கினால் என்ன?

இவ்வளவு தெரிந்த பிறகு, தூக்குவதையும் அழுத்துவதையும் சமமாக்கி உத்தரத்தை நேராகவே வைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். முடியும். கம்பியின் மையத்தை நடுமட்டத்துக்கு ஏழரை சென்டிமீட்டர் கீழே வைத்தால் போதும், வளைவு மறையும். ஆனால் டிரான்ஸ்ஃபர் நாளில் உத்தரத்தின் மேல் இருப்பது அதன் சொந்த எடை மட்டும். தளமும் அதன் மேல் மனிதர்களும் பொருள்களும் இனிமேல்தான் வர வேண்டும். அன்றைக்கு நேராக இருக்கும்படி கம்பியைக் குறைத்து வைத்தால், பாரம் வரும்போது அடிப்பாகத்தில் போதிய அழுத்தம் மிச்சம் இருக்காது. அடியில் வெடிப்பு விழும்.

இங்கே எடை எதிரியைப் போலத் தெரிந்தாலும் உண்மையில் உதவியாளர். கம்பியின் 90 டன் விசை குறுக்குவெட்டு முழுவதையும் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ வீதம் அழுத்துகிறது. கம்பி கீழே இருப்பதால் வரும் வளைவு, அடியில் இன்னும் 75 கிலோ அழுத்தத்தைக் கூட்டி, மேலே அதே 75 கிலோவைக் கழிக்கிறது. ஆக மேல்விளிம்பில் 25 கிலோ இழுவை வந்துவிடுகிறது. நடுவில் அதைச் சரிசெய்வது எடைதான். அது மேல்விளிம்பில் 45 கிலோ அழுத்தத்தைக் கூட்டுவதால், இழுவை போய் 20 கிலோ அழுத்தமாகிறது. அடியில் 125 கிலோவாக இருந்தது 80 ஆக இறங்குகிறது. உத்தரம் தன் எடையைச் சுமப்பதற்குக் கொடுத்த விலை, கம்பியை இன்னும் சற்றுக் கீழே வைக்கக் கிடைத்த அனுமதியாகத் திரும்பி வருகிறது.

நீளம் இதில் எப்படி விளையாடுகிறது என்று பாருங்கள். கம்பியின் தூக்கல் நீளத்தின் இருமடிப்படி வளர்கிறது, எடையின் தாழ்வு நான்மடிப்படி. நீளத்தை இரட்டித்தால் முன்னது 4 மடங்கு, பின்னது 16 மடங்கு. இதே குறுக்குவெட்டு, இதே ஏழு ஸ்ட்ராண்டு, நீளம் மட்டும் 17 மீட்டர் என்றால் தூக்கலும் தாழ்வும் இரண்டும் 30 மில்லிமீட்டராகி ஒன்றையொன்று விழுங்கிவிடும். கேம்பரே இருக்காது. அதையும் தாண்டினால் உத்தரம் பெட்டிலிருந்து எழவே எழாது. அச்சை எடுத்ததும் தொய்வோடு நிற்கும்.

முனைகளில் உதவிக்கு ஆளில்லை

நடுவில் எடை காப்பாற்றியது. முனைகளில் என்ன நடக்கிறது? அங்கே எடையின் திருப்புவிசை பூஜ்யம். கம்பியோ நடுவில் இருக்கும் அதே மட்டத்தில்தான் அங்கும் இருக்கிறது. ஆகவே முனையை ஒட்டிய மேல்விளிம்பில் அந்த 25 கிலோ இழுவை குறையாமல் நிற்கிறது. இந்த வயதுக் கான்கிரீட் ஏறத்தாழ 42 கிலோவில் வெடிக்கும். நம் உத்தரம் தப்பித்தது, ஆனால் இடைவெளி பெரிதில்லை. கம்பியை இன்னும் 5 சென்டிமீட்டர் கீழே தள்ளியிருந்தால் இழுவை 50 கிலோ ஆகியிருக்கும். கம்பியை விடுவித்த சில நிமிடங்களில் முனைப்பக்கம் மேல்முகத்தில் குறுக்கே தலைமயிர் போன்ற வெடிப்புகள் தெரிந்திருக்கும்.

யார்டுகளில் இதற்குச் செய்யும் வேலை இரண்டு விதம். முனைப்பக்கம் சில ஸ்ட்ராண்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிவிடுவார்கள். உறை உள்ள நீளத்தில் கம்பி கான்கிரீட்டோடு ஒட்டாது, ஆகவே அங்கே விசை இறங்காது. இன்னொரு வழி, சில கம்பிகளை நடுவில் தாழ்த்தி, முனையை நோக்கி உயர்த்திக் கொண்டுபோவது. இரண்டுமே முனையில் தூக்கலைக் குறைக்கின்றன. அதனால் கேம்பரும் கொஞ்சம் குறையும். இதைக் கணக்கில் சேர்க்க மறந்தால், பெட்டில் அளந்த எண் வரைபடத்தின் எண்ணைவிடக் குறைவாக வந்து வீண் பதற்றத்தைக் கிளப்பும்.

கான்கிரீட் இறுகிய பிறகு குழாய்க்குள் கம்பியைச் செருகி இழுக்கும் முறையில், கம்பியை எடைக்குத் தோதாகவே வளைத்து வைக்க முடியும். முனையில் நடுமட்டத்தில் தொடங்கி நடுவில் 15 சென்டிமீட்டர் தாழும் பரவளைவாக வைத்தால், 90 டன் விசை உத்தரத்தை மீட்டருக்கு 750 கிலோ வீதம் சீராக மேலே தள்ளும். எடை 450 கிலோ கீழே தள்ளுகிறது. மிஞ்சுவது 300 கிலோ மேல்நோக்கிய பாரம், அதன் கேம்பர் 5 மில்லிமீட்டர். முன்தகைவு விசையை இப்படி எதிர்ப்பாரமாகப் பார்க்கும் முறையை அமெரிக்கப் பொறியாளர் டி. ஒய். லின் 1963-இல் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பரப்பியது. நேர்க்கம்பியில் அவ்வளவு பொருத்தம் கிடையாது. 17 மீட்டர் உத்தரத்தில்கூட நடுவில்தான் கணக்கு பூஜ்யமாகும். கால்பங்கு தூரங்களில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் புடைப்பு எஞ்சியிருக்கும்.

விடுவிக்கும் நாள்

ஏழரை மில்லிமீட்டர் என்று கணக்கு சொன்னாலும், பெட்டில் அது அப்படியே வருவதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும். முதலாவது கான்கிரீட்டின் வயது. யார்டுக்குப் பெட் சீக்கிரம் காலியாக வேண்டும் என்ற அவசரம் எப்போதும் உண்டு. ஆவி கொடுத்து வேகப்படுத்தி, வார்த்த அடுத்த நாளே விடுவிப்பதும் உண்டு. வலு வந்ததா என்று காட்டுவது க்யூப்கள். அவை உத்தரத்தோடு அதே வெப்பத்தில் இருந்திருக்க வேண்டும். ஆய்வகத் தொட்டியில் சொகுசாக ஊறிய க்யூப், பெட்டில் கிடக்கும் உத்தரத்தின் நிலையைச் சொல்லாது. 36 இருக்க வேண்டிய இடத்தில் வலு 25-தான் என்றால், விறைப்பு 25,000-க்கு இறங்கும். தூக்கல் 18, தாழ்வு 9, கேம்பர் 9 மில்லிமீட்டர் ஆகும். அந்தக் கூடுதல் ஒன்றரை மில்லிமீட்டர் கான்கிரீட் இளசு என்று சொல்கிறது.

இரண்டாவது, விடுவிக்கும் விதம். ஜாக்கியை மெதுவாகத் தளர்த்தினால் எல்லாக் கம்பியும் சேர்ந்து விசையை இறக்கும். கேஸ் கட்டரால் ஒவ்வொன்றாக அறுக்கும் இடங்களில் வரிசை முக்கியம். இடதில் ஒன்று அறுத்தால் வலதில் அதற்கு ஜோடியை அறுக்க வேண்டும், பெட்டின் இரு கோடியிலும் ஒரே வரிசையில். ஒரு பக்கமாகவே அறுத்துக்கொண்டு போனால் உத்தரம் பக்கவாட்டிலும் வளையும். மேல்நோக்கிய வளைவு எதிர்பார்த்தது. பக்கவாட்டு வளைவு யாருக்கும் பயன்படாது.

அடுக்கி வைத்த பிறகு

கேம்பர் அன்றோடு நிற்பதில்லை. தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் கான்கிரீட் நாள்பட நாள்படச் சுருங்கிக்கொண்டே போகும். இதைப் பொறியாளர்கள் ‘க்ரீப்’ என்பார்கள். பிரான்ஸில் எழேன் ஃப்ரேசினே இதைத் தம் பாலத்திலேயே கண்டார். அலியே ஆற்றின் மேல் அவர் 1911-ஐ ஒட்டிக் கட்டிய வ்யூர்த் பாலத்தின் தட்டையான வளைவுகள் கட்டி முடித்த பிறகும் மெல்ல மெல்ல இறங்கின. நடுவில் ஜாக்கி வைத்து அவற்றை மறுபடி தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. சாதாரண இரும்பை இழுத்தால் அந்த இழுப்பை க்ரீப் தின்றுவிடும், உயர்வலுக் கம்பியை மிக அதிகமாக இழுத்தால்தான் ஏதாவது மிஞ்சும் என்பது அவருக்குப் புரிந்தது. 1928-இல் அவர் வாங்கிய காப்புரிமையின் அடிப்படை அதுவே.

நம் உத்தரத்தில் அடிப்பாகத்தில்தான் அழுத்தம் அதிகம். ஆகவே அடியே அதிகம் சுருங்கும், கேம்பர் வளரும். அமெரிக்க முன்வார்ப்புத் துறையில் புழங்கும் தோராய விதி ஒன்று, உத்தரத்தைத் தூக்கி நிறுத்தும் காலத்துக்குள் தூக்கல் 1.80 மடங்காகவும் தாழ்வு 1.85 மடங்காகவும் ஆகும் என்கிறது. 15 மில்லிமீட்டர் 27 ஆகும், 7.5 ஏறத்தாழ 14 ஆகும். கேம்பர் 13 மில்லிமீட்டர். முதல் நாளைவிட முக்கால் பங்கு அதிகம்.

இந்த வளர்ச்சியில் யார்டின் அலட்சியமும் சேர்ந்துகொள்ளும். அடுக்கும்போது கட்டைகளை முனையில் வைக்காமல், க்ரேனுக்கு வசதி என்று இருபுறமும் ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வைக்கிறார்கள் என்போம். எடை இப்போது 10 மீட்டர் இடைவெளியில்தான் தொங்குகிறது. முனைகளோடு ஒப்பிட்டால் அதன் தாழ்வு ஏழரையிலிருந்து நாலரை மில்லிமீட்டராகக் குறையும். கம்பியின் தூக்கல் மாறாது. கேம்பர் பத்தரை. உடனே கவனித்துக் கட்டையை இடம் மாற்றினால் பழைய நிலை வந்துவிடும். இரண்டு மாதம் அப்படியே விட்டால் க்ரீப் அந்த வளைவில் ஒரு பகுதியை நிரந்தரமாக்கிவிடும்.

வெயிலும் ஏமாற்றும். நண்பகலில் மேல்முகம் அடிமுகத்தைவிட 15 டிகிரி சூடாக இருந்து, இடையில் சூடு சீராகக் குறைந்தால், அந்தச் சூடு மட்டுமே நம் உத்தரத்தின் நடுவை நாலரை மில்லிமீட்டர் தூக்கிவிடும். மாலைக்குப் பின் அது இறங்கிவிடும். அதனால்தான் கேம்பரை அதிகாலையில், வெயில் படுமுன் அளக்க வேண்டும் என்பார்கள். மதியம் அளந்த ஒன்றையும் காலையில் அளந்த இன்னொன்றையும் ஒப்பிட்டால் இல்லாத குறை இருப்பதாகத் தெரியும், இருக்கும் குறை மறைந்துவிடும்.

அந்த எண் என்ன சொல்கிறது?

கேம்பரை அளப்பது மலிவான வேலை. மேல்முகத்தில் இரு முனையிலும் நடுவிலும் அடையாளம் வைத்து லெவல் கருவியால் படிக்கலாம். முனைக்கு முனை மெல்லிய கம்பியை விறைப்பாகக் கட்டி நடுவில் ஸ்கேல் வைத்தும் பார்க்கலாம். அதில் கிடைக்கும் செய்தி பெரிது. காரணம், கேம்பர் இரண்டு பெரிய எண்களின் சிறிய கழிவு. பெரிய எண்களில் ஒன்றில் வரும் சிறு பிழை கழிவில் பெரிதாகத் தெரியும்.

ஏழு ஸ்ட்ராண்டில் ஒன்று கான்கிரீட்டோடு சரியாகப் பிடிக்காமல் வழுக்கிவிட்டது என்று வையுங்கள். விசை ஏழில் ஒரு பங்கு, ஏறத்தாழ 14 சதவீதம் குறைகிறது. தூக்கல் 15-லிருந்து 12.9 ஆகும். எடையின் தாழ்வு அதே 7.5. கேம்பர் 5.4. கம்பியில் 14 சதவீதம் போனது, கேம்பரில் 29 சதவீதமாகத் தெரிகிறது. உத்தரத்தை உடைக்காமல் உள்ளே இருக்கும் கம்பியின் நிலையை இவ்வளவு சுலபமாகச் சொல்லும் சோதனை வேறில்லை. அதே வேளை கம்பி ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்து போனால் கேம்பர் ஒரு மில்லிமீட்டர் கூடும், இளசான கான்கிரீட்டும் அதைக் கூட்டும். ஆகவே எண் குறைந்தால் கம்பியைச் சந்தேகப்படு, எண் கூடினால் கான்கிரீட்டின் வயதையும் கம்பியின் மட்டத்தையும் பார் என்பது நல்ல வழிகாட்டி. ஓர் உத்தரத்தைத் தனியாகப் பார்ப்பதைவிட, ஒரே பெட்டில் ஒரே நாளில் விடுவித்த உத்தரங்களை வரிசையாகப் பார்த்து, அதில் கூட்டத்தோடு சேராத ஒன்றைக் கண்டுபிடிப்பது இன்னும் நம்பகமானது.

கூடுதல் கேம்பருக்கு மேல்வரம்பும் உண்டு. மேலே பூச்சோ தளவேலையோ வரப்போகும் உத்தரங்களுக்கு, பக்கத்துப் பக்கத்து உத்தரங்களின் வளைவு ஒன்றுபோல் இருக்கும் என்று உறுதிசெய்ய முடியாவிட்டால், மொத்த மேல்வளைவு நீளத்தில் முந்நூறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது இந்திய விதிநூல் IS 1343. நம் உத்தரத்துக்கு அது 40 மில்லிமீட்டர். வரம்புக்கு நாம் வெகு தூரத்தில் இருக்கிறோம். சிக்கல் பெரும்பாலும் அந்த வரம்பால் வருவதில்லை, பக்கத்து உத்தரத்தோடு ஒத்துப்போகாததால் வருகிறது. முதல் வாரத்தில் 8 மில்லிமீட்டரில் இருக்கும் உத்தரத்தை, மூன்று மாதம் வெயிலில் கிடந்து 13-ஐத் தொட்ட உத்தரத்தின் பக்கத்தில் வைத்தால், தளம் போடும் மேஸ்திரிதான் அந்த 5 மில்லிமீட்டரோடு மல்லாட வேண்டும். 12 மீட்டருக்கு இது தாங்கும். முப்பது, நாற்பது மீட்டர் கிர்டர்களில் இதே வித்தியாசம் சென்டிமீட்டர் கணக்கில் போகும்.

தளம் வந்ததும் கணக்கு அடுத்த கட்டத்துக்குப் போகிறது. உத்தரங்கள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, தளம் 12 சென்டிமீட்டர் கனம் என்றால், ஒவ்வொரு உத்தரத்தின் மேலும் மீட்டருக்கு இன்னொரு 450 கிலோ ஏறும். இது அதன் சொந்த எடைக்குச் சமம். ஆனால் கான்கிரீட் இப்போது முதிர்ந்து விறைத்திருப்பதால், வலு 50 மெகாபாஸ்கல் என்று கொண்டால், தாழ்வு 7.5 இல்லை, 6.4 மில்லிமீட்டர்தான். 13-லிருந்து கழித்தால் ஆறரையைச் சற்றுத் தாண்டிய மேல்வளைவு இன்னும் மிச்சம். தளத்தின் மேல்மட்டம் நேராக வர வேண்டும் என்றால், உத்தரத்துக்கும் தளத்துக்கும் இடையே விடும் கான்கிரீட் மெத்தையை நடுவில் மெல்லியதாகவும் முனையில் கனமாகவும் வார்க்க வேண்டும். கேம்பர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால் நடுவில் தளம் மெலிந்து கம்பிக்கு மேல் கவர் போதாமல் போகும். குறைவாக இருந்தால் அந்த மெத்தை தடித்து, யாரும் கணக்கிடாத எடை உத்தரத்தின் தலையில் ஏறும்.

அதனால் நல்ல வரைபடத்தில் கேம்பர் ஒற்றை எண்ணாக இருக்காது. விடுவித்த அன்று இவ்வளவு, தூக்கி நிறுத்தும் நாளில் இவ்வளவு, தளம் போட்ட பின் இவ்வளவு என்று மூன்று எண்களும், ஒவ்வொன்றுக்கும் ஏற்கத்தக்க கூடுதல் குறைவும் எழுதியிருக்கும். அவற்றோடு ஒப்பிட யார்டில் ஒரு பதிவேடு வேண்டும்: எந்த உத்தரம், எந்தத் தேதி, எந்த நேரம், கட்டைகள் எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர். அந்தப் பதிவேடு கையில் இருந்தால், தளம் போடுவதற்கு முந்தைய நாள் லெவல் கருவியோடு வருகிறவர் மெத்தையின் கனத்தை உத்தரம் உத்தரமாகக் குறித்துக் கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால், கான்கிரீட் லாரி வாசலில் வந்து நிற்கும்போதுதான் நடுவில் கம்பிக்கு மேல் இடமில்லை என்று தெரியவரும்.